சம்பள உயர்வும் கடைசி ரூபாயின் வரியும்

"எனக்கு இப்போது வருடச் சம்பளம் 16,25,000. இந்த ஏப்ரலில் மாதம் 5,000 கூட்டித் தருகிறார்களாம். கூட்டினால் கழிவு போக 16 லட்சத்தைத் தாண்டி 20% ஸ்லாபுக்குப் போய்விடுவேன், இப்போது வருவதைவிடக் கையில் குறைவாகத்தான் வரும், வேண்டாமென்று சொல்லிவிடு என்கிறார்கள் ஆபீஸில். பக்கத்து சீட் நண்பர் 12,75,000-இல் ஒரு ரூபாய் வரி கட்டாமல் இருக்கிறார். அவரும் உயர்வு வாங்கவே பயப்படுகிறார். இது உண்மையா சார்?"

உங்கள் விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை, தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். நண்பர் விஷயம் கொஞ்சம் வேறு. அவர் பயத்தில் ஒரு சிறு உண்மை இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன். சம்பளப் பட்டியல் போடும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் நான். ஏப்ரல், மே மாதங்களில் என் மேசைக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான். நல்ல உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கணக்கு. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையை வைத்துக்கொள்கிறேன். 16,25,000-இல் நிலையான கழிவு 75,000 போனால் வரிக்கு உட்படும் வருமானம் 15,50,000. மாதம் 5,000 என்றால் வருடத்துக்கு 60,000 கூடும். அப்போது வரிக்கு உட்படும் வருமானம் 16,10,000.

உங்கள் ஆபீஸில் எப்படிக் கணக்குப் போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். 15,50,000-க்கு 15% என்றால் 2,32,500. 16,10,000-க்கு 20% என்றால் 3,22,000. சம்பளம் 60,000 கூடுகிறது, வரி 89,500 கூடுகிறது, ஆகவே 29,500 நஷ்டம். பெருக்கலிலும் கழித்தலிலும் தவறில்லை. தவறு முதல் வரியிலேயே இருக்கிறது: 15% என்பது உங்கள் மொத்த வருமானத்துக்கான விகிதமே இல்லை.

வருமானம் அடுக்கடுக்காகப் பிரிக்கப்படுகிறது. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு, அதாவது 8 லட்சம் வரை, 5%. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10%. 12-லிருந்து 16 லட்சம் வரை 15%, 16-லிருந்து 20 வரை 20%, 20-லிருந்து 24 வரை 25%, அதற்கு மேல் 30%. ஒவ்வொரு விகிதமும் அந்தந்த அடுக்குக்குள் விழும் ரூபாய்களை மட்டுமே தொடும். நீங்கள் வருடம் ஒரு கோடி சம்பாதித்தாலும் உங்கள் முதல் 4 லட்சத்துக்கு வரி கிடையாது.

இப்போது போட்டுப் பாருங்கள். 15,50,000-இல் முதல் 4 லட்சத்துக்கு ஒன்றுமில்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 20,000. அதற்கடுத்ததுக்கு 40,000. மீதி 3,50,000-க்கு 15% என்றால் 52,500. கூட்டினால் 1,12,500. அந்த வரியின் மேல் விழும் 4% கூடுதல் வரி, அதாவது செஸ், 4,500. ஆக மொத்தம் 1,17,000. ஆபீஸ் கணக்கு சொன்ன 2,32,500-இல் இது ஏறக்குறைய பாதி.

உயர்வுக்குப் பிறகு 16,10,000. முதல் மூன்று அடுக்குகளில் எதுவும் மாறாது: பூஜ்யம், 20,000, 40,000. 15% அடுக்கு முழுதாக நிரம்புவதால் அங்கே 60,000. மிஞ்சியிருக்கும் 10,000 மட்டும் 20% அடுக்கில் விழுகிறது, அதற்கு 2,000. கூட்டினால் 1,22,000, செஸ் 4,880, மொத்தம் 1,26,880.

வரி கூடியது 9,880. சம்பளம் கூடியது 60,000. உங்களுக்கு மிஞ்சுவது 50,120, மாதத்துக்குச் சுமார் 4,177 ரூபாய். ஸ்லாப் மாறியதால் நீங்கள் கூடுதலாகக் கொடுத்தது எவ்வளவு என்று தனியாகக் கேட்டால், அந்தக் கடைசி 10,000-க்கு 15%-க்குப் பதில் 20% போட்டதில் வந்த 500 ரூபாய். செஸ்ஸோடு சேர்த்து 520. ஒரு வருடத்துக்கு அவ்வளவுதான்.

மார்ஜினல் ரேட், அதாவது விளிம்பு வரி விகிதம், என்பது இதைத்தான் குறிக்கிறது. நீங்கள் அடுத்ததாகச் சம்பாதிக்கும் ஒரு ரூபாயில் எத்தனை பைசா வரியாகப் போகும் என்பதுதான் அது. 16 லட்சத்தைத் தாண்டியபின் உங்களுக்கு அது செஸ்ஸோடு 20.8 பைசா. ஆனால் மொத்த வரியை மொத்த வருமானத்தால் வகுத்தால் (1,26,880-ஐ 16,10,000-ஆல்) 7.9% கூட வராது. இது சராசரி விகிதம். "நான் 20 பர்சென்ட் ஸ்லாபில் இருக்கிறேன்" என்று ஒருவர் சொல்லும்போது அவர் சொல்வது முதலாவதை; கேட்பவர் காதில் விழுவது இரண்டாவது. குழப்பம் முழுவதும் அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. சம்பள உயர்வு, பகுதி நேர வேலை, வங்கி வட்டி என எது புதிதாக வந்தாலும் அதில் எவ்வளவு கையில் நிற்கும் என்று பார்க்க விளிம்பு விகிதம் வேண்டும். வருட வருமானத்தில் எவ்வளவு அரசுக்குப் போகிறது என்று பார்க்க சராசரி விகிதம் வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் 29,500 நஷ்டம் என்பது போன்ற விடை வரும்.

விளிம்பு விகிதம் 100%-க்குக் கீழே இருக்கும்வரை கூடுதல் ரூபாயில் ஏதோ ஒரு பங்கு உங்கள் கையில் நிற்கத்தான் வேண்டும். மேல் அடுக்கு 30%, செஸ்ஸோடு 31.2%. அதனால் அடுக்கு மாறுவதால் மட்டும் கைச்சம்பளம் குறைவதற்கு வழியே இல்லை.

இந்தத் தவறான கணக்கு நம் ஊரில் இவ்வளவு எளிதாக நம்பப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். நம் வீட்டு கரண்ட் பில் கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்துகொள்கிறது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குக் குறைந்த விலை. 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். ஏற்கெனவே எரித்த அந்த நூறு யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். 501-ஆவது யூனிட் அதன் சொந்த விலையைவிடப் பல மடங்கு செலவு வைக்கும். மாதக் கடைசியில் "500 தாண்டப்போகிறது, ஏசியை நிறுத்து" என்று சொல்லும் குடும்பத்தில் வளர்ந்தவருக்கு, வருமான வரியும் அப்படித்தான் என்று தோன்றுவது இயல்பு. கரண்ட் பில்லில் எல்லையைத் தாண்டினால் பழைய யூனிட்டின் விலையும் மாறும். வருமான வரி அடுக்கில் பழைய ரூபாயின் விகிதம் மாறாது.

இனி உங்கள் நண்பர். அவர் நிற்கும் இடத்தில் வருமான வரியும் கரண்ட் பில் மாதிரியே நடந்துகொள்ளப் பார்க்கிறது. அதற்குக் காரணம் ஸ்லாப் இல்லை, 87ஏ என்ற பிரிவு தரும் தள்ளுபடி.

அவர் சம்பளம் 12,75,000. கழிவு போக 12,00,000. அடுக்குப்படி பார்த்தால் அவருக்கும் 60,000 ரூபாய் வரி உண்டு. ஆனால் வருமானம் 12 லட்சத்துக்கு மிகாதவருக்கு அந்த 60,000-ஐயும் தள்ளுபடி செய்துவிடுகிறது சட்டம். "12 லட்சம் வரை வரி இல்லை" என்று பேசுகிறார்களே, அதன் உள்ளே இருப்பது இதுதான். வரி இல்லாத அடுக்கு 4 லட்சம் வரைதான். மீதி 8 லட்சத்துக்கு வரி கணக்கிட்டு, பிறகு தள்ளுபடி செய்கிறார்கள். எல்லையை ஒரு ரூபாய் தாண்டினாலும் தள்ளுபடி கிடையாது என்று சட்டம் நின்றுவிட்டால், அந்த 60,000 ஒரே அடியாகத் தலையில் விழும்.

இது வெறும் கற்பனை இல்லை. 2023 பட்ஜெட்டில் புதிய முறையின் தள்ளுபடி எல்லையை 7 லட்சமாக உயர்த்தியபோது இதே சிக்கல் எழுந்தது. 7,00,000 வருமானத்துக்கு வரி பூஜ்யம். 7,00,100 வருமானத்துக்கு வரி 25,010. நூறு ரூபாய் அதிகம் சம்பாதித்ததற்கு இருபத்தைந்தாயிரம் அபராதம் போல ஆனது. நிதி மசோதா நிறைவேறுவதற்கு முன் அதைத் திருத்தி, கூடுதல் வருமானத்தைவிடக் கூடுதல் வரி அதிகமாகக் கூடாது என்று ஒரு விதியைச் சேர்த்தார்கள். மார்ஜினல் ரிலீஃப், விளிம்பு நிவாரணம் என்பது அதுதான். எல்லை 12 லட்சமான பிறகும் அந்த விதி தொடர்கிறது.

நண்பருக்கு வருடம் 25,000 கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வரிக்கு உட்படும் வருமானம் 12,25,000. அடுக்குப்படி வரி 60,000-உம் 3,750-உம் சேர்ந்து 63,750. ஆனால் 12 லட்சத்துக்கு மேல் அவர் சம்பாதித்தது 25,000 மட்டுமே, அதனால் வரியும் 25,000-க்கு மேல் போகாது. மீதி 38,750-ஐ நிவாரணம் அடைத்துவிடுகிறது.

வரி இத்துடன் நின்றால் கூட்டியதும் கழிந்ததும் சமம், நஷ்டம் இல்லை என்று முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடித்தும்விடுகிறார்கள். ஆனால் செஸ் கணக்கிடப்படுவது நிவாரணத்துக்குப் பிறகு மிஞ்சும் வரியின் மேல். 25,000-க்கு 4% என்றால் 1,000. ஆகவே அவர் கட்டுவது 26,000. சம்பளம் கூடியது 25,000. நண்பருக்கு வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் குறைகிறது, மாதத்துக்கு 83 ரூபாய். இந்தச் சிறு பட்டையில் விளிம்பு விகிதம் 104%. "உயர்வால் ஒருபோதும் கைச்சம்பளம் குறையாது" என்ற வாக்கியத்துக்கு, புதிய முறையில் சாதாரணச் சம்பளக்காரர் சந்திக்கக்கூடிய விதிவிலக்கு இது. இதை மறைத்துவிட்டு "ஒருபோதும்" என்று அழுத்திச் சொன்னால், 12.75 லட்சத்தில் இருப்பவர் தன் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் நாம் சொன்ன மற்றதையும் நம்பமாட்டார்.

அந்தப் பட்டை எவ்வளவு அகலம்? 12 லட்சத்துக்கு மேல் சுமார் 70,588 ரூபாய் வரை நிவாரணம் வேலை செய்கிறது. அந்தப் புள்ளியில் அடுக்குப்படி வரும் வரியும் கூடுதல் வருமானமும் சமமாகிவிடும், அதற்குமேல் நிவாரணத்துக்குத் தேவை இல்லை. நஷ்டம் உச்சத்தைத் தொடுவதும் அங்கேதான்: வருடத்துக்கு 2,824 ரூபாய், அதற்குமேல் இல்லை. அதைத் தாண்டினால் வழக்கமான 15.6% திரும்பிவிடும். உயர்வு 74,000 ஆகும்போது பழைய கைச்சம்பளம் மீண்டுவிடுகிறது. சம்பளத்தில் சொன்னால், 12,75,000-க்கும் ஏறக்குறைய 13,49,000-க்கும் நடுவில் இருப்பவர் கையில் 12,75,000 வாங்குபவரைவிடச் சில நூறு முதல் இரண்டாயிரத்துச் சொச்சம் வரை குறைவாகப் பெறுவார். 1,00,000 உயர்வு கிடைத்தால் வரி 78,000, கையில் நிற்பது 22,000. நஷ்டம் இல்லை என்றாலும் மனம் நோகும் கணக்குதான், ஒப்புக்கொள்கிறேன்.

அதற்காக நண்பர் உயர்வை மறுக்க வேண்டுமா? கூடாது. இந்த வருடம் 12,75,000-இலேயே நின்றால், அடுத்த வருட உயர்வும் இதே பட்டைக்குள்தான் அவரைக் கொண்டுபோய் விடும். எப்போது ஏறினாலும் கடக்க வேண்டிய பட்டை இது. தவிர அடுத்த உயர்வு, பிஎஃப், கிராஜுவிட்டி, வேலை மாறும்போது புது கம்பெனி கேட்கும் "இப்போது என்ன சம்பளம்" என்பதெல்லாம் உயர்ந்த சம்பளத்தின் மேல் கட்டப்படுபவை. மாதம் 83 ரூபாய்க்காக அவற்றை விட்டுவிடுவதில் எந்த நியாயமும் தெரியவில்லை.

ஆனால் அவர் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. உயர்வை ரொக்கமாகத் தருவதற்குப் பதில், கம்பெனியின் பங்காக அவருடைய என்பிஎஸ், அதாவது தேசிய ஓய்வூதியத் திட்டக் கணக்கில் போட முடியுமா என்று கேட்கலாம். புதிய வரி முறையில் நாமே போடும் என்பிஎஸ்ஸுக்குக் கழிவு கிடையாது. ஆனால் முதலாளி போடும் பங்குக்கு அடிப்படைச் சம்பளத்தில் 14% வரை கழிவு உண்டு. அவர் அடிப்படைச் சம்பளம் 12,75,000-இல் பாதி என்றால் அந்த 14% என்பது 89,250. உயர்வு 70,000-ஐ ரொக்கமாக வாங்கினால் 72,800 வரியாகப் போய்க் கையிலும் 2,800 குறையும். அதே 70,000 முதலாளி பங்காக என்பிஎஸ்ஸில் விழுந்தால் வரி பூஜ்யமாகவே இருக்கும், முழுப் பணமும் அவர் பெயரில் சேரும். பெரும்பகுதிப் பணம் பல வருடங்கள் பூட்டியிருக்கும் என்பது இதன் குறை. கம்பெனி அந்த வசதியை வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் சம்பள அமைப்பை மாற்றுவதென்றால் வருடத் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும். பிப்ரவரியில் வந்து நின்றால் ஒன்றும் செய்ய இயலாது.

நண்பரிடம் இன்னொன்றும் சொல்லிவையுங்கள். 12 லட்சம் என்பது சம்பளத்துக்கு மட்டுமான எல்லை இல்லை, மொத்த வருமானத்துக்கானது. சரியாக 12,75,000 சம்பளம் வாங்கும் அவருக்கு சேமிப்புக் கணக்கிலும் எஃப்டியிலும் சேர்த்து 8,000 ரூபாய் வட்டி வந்தால், அவர் ஏற்கெனவே எல்லையைத் தாண்டிவிட்டார். வட்டி 8,000, வரி 8,320. சம்பளச் சீட்டில் கம்பெனி பிடிக்கும் வரியான டிடிஎஸ் பூஜ்யமாக இருப்பதைப் பார்த்து "எனக்கு வரியே இல்லை" என்று இருப்பவர்கள், ரிட்டர்ன் போடும்போது இதைக் கண்டு திகைக்கிறார்கள். வங்கி வட்டி கம்பெனிக்குத் தெரியாது, நாம் சொன்னால்தான் தெரியும்.

பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே தள்ளுபடி எல்லை 5 லட்சம், விளிம்பு நிவாரணமே கிடையாது. கழிவெல்லாம் போக 5,00,000 வந்தால் வரி இல்லை. 5,00,010 வந்தால் ஏறக்குறைய 13,000. இது பட்டை இல்லை, நேரான செங்குத்துச் சரிவு. ஆனால் அந்த இடத்தில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் புதிய முறைக்கு மாறினாலே வரி பூஜ்யமாகிவிடும், ஏனென்றால் அங்கே சம்பளம் 12,75,000 வரை வரி விழாது. 50 லட்சத்துக்கு மேல் வருமானம் போகிறவர்களுக்கு சர்சார்ஜ் என்ற கூடுதல் வரி வரும் இடத்திலும் இதே போன்ற எல்லை இருக்கிறது. அங்கும் நிவாரணம் உண்டு, அங்கும் செஸ் மட்டும் மேலே ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் ஆபீஸில் யாராவது சொல்வார்கள்: "கணக்கெல்லாம் சரி, ஆனால் போன வருடம் எனக்கு உயர்வுக்குப் பிறகு நிஜமாகவே குறைந்தது." அவர் பொய் சொல்லவில்லை. என் மேசைக்கு வந்த சம்பளச் சீட்டுகளில் இப்படிக் குறைந்தவை நிறைய உண்டு. காரணம் வரி விகிதமாக இருந்தது மிக அரிது. டிடிஎஸ் பிடிக்கும் காலக்கணக்குதான் பெரும்பாலும் காரணம்.

கம்பெனி மாதச் சம்பளத்துக்கு மாதம் மாதம் தனியாக வரி போடுவதில்லை. வருடம் முழுவதற்கும் உங்கள் வருமானம் எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட்டு, அதற்கான வரியைக் கணக்கிட்டு, மார்ச்சுக்குள் மீதமிருக்கும் மாதங்களில் பிரித்துப் பிடிக்கிறது. உயர்வு தாமதமானால் இந்த ஏற்பாட்டில் ஒரு வீக்கம் வரும். உங்கள் 5,000-ஐ ஏப்ரலிலிருந்து என்று போட்டு, உத்தரவை டிசம்பரில் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாத அரியர் 40,000 டிசம்பர் சம்பளத்தோடு வரும். வருடத்துக்கான கூடுதல் வரி அதே 9,880தான். ஆனால் அதைப் பிடிக்க நான்கே மாதம் இருக்கிறது, மாதம் 2,470. டிசம்பரில் கையில் 42,530 கூடுதலாக வந்திருக்கும். ஜனவரியில் கூடுதல் 2,530 மட்டுமே. டிசம்பர் சீட்டையும் ஜனவரி சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு உயர்வில் பாதியை வரி தின்றுவிட்டதாகத் தோன்றும். அடுத்த ஏப்ரலில் அதே வரி பன்னிரண்டு மாதத்துக்குப் பிரிந்து மாதம் 823 ஆகிவிடும், கையில் 4,177 கூடும். ஜனவரியில் பதறியவர் ஏப்ரலில் வந்து அதைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

பிப்ரவரியில் போனஸ் வருபவர்களுக்கும், பழைய முறையில் இருந்துகொண்டு வீட்டு வாடகை ரசீதையும் காப்பீட்டு ரசீதையும் கெடுவுக்குள் கொடுக்காதவர்களுக்கும் மார்ச் சம்பளம் அடிபடும். அதே சமயம் உயர்வும் வந்திருந்தால் பழி உயர்வின் மேல் விழும்.

இரண்டாவது காரணம், உயர்வு எந்தத் தொகையில் என்பது. உங்களிடம் சொன்ன 5,000 சம்பளத்திலா, கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவான சிடிசியிலா என்று கேளுங்கள். சிடிசியில் என்றால் அதற்குள்ளேயே கம்பெனியின் பிஎஃப் பங்கும் கிராஜுவிட்டியும் அடங்கியிருக்கும். அதில் 2,500 அடிப்படைச் சம்பளமாகி, முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் பிஎஃப் பிடிக்கும் கம்பெனி என்றால், கம்பெனி பங்கு 300, கிராஜுவிட்டி சுமார் 120 போக உங்கள் சீட்டில் கூடுவது 4,580. அதில் உங்கள் பங்கு பிஎஃப் 300. வரி மாதத்துக்குச் சுமார் 736. வங்கிக்கு வருவது 3,544. வரி விகிதத்தில் ஒரு மாற்றமும் இல்லாமலே 4,177 இப்படி 3,544 ஆகிறது. பிஎஃப்புக்குப் போன 600 உங்கள் கணக்கில்தான் இருக்கிறது. 15,000 ரூபாய் அடிப்படைக்கு மட்டும் கணக்கிட்டு மாதம் 1,800 என்று நிறுத்திவிட்ட கம்பெனிகளில் இந்த 600-உம் பிரியாது.

வருட நடுவில் வேலை மாறி உயர்வு வாங்குபவர்களுக்கு மூன்றாவதாக ஒரு பொறி உண்டு. மாதம் 1,00,000 வாங்கியவர், செப்டம்பரோடு விலகி அக்டோபரில் 1,20,000-க்குச் சேர்ந்தார் என்று வைப்போம். பழைய கம்பெனி வருடத்துக்கு 12 லட்சம் என்று மதிப்பிட்டு, கழிவு போக எல்லைக்குள் வந்ததால் வரி பிடிக்கவில்லை. புதிய கம்பெனிக்கு முந்தைய ஆறு மாதம் தெரியாததால், 7,20,000 என்று மதிப்பிட்டு அதுவும் பிடிக்கவில்லை. இருவரும் தனித்தனியாக நிலையான கழிவையும் தள்ளுபடியையும் கொடுத்துவிட்டார்கள். உண்மையில் அவர் வருட வருமானம் 13,20,000, கழிவு போக 12,45,000. வரி 45,000, செஸ் 1,800, மொத்தம் 46,800. ஜூலையில் ரிட்டர்ன் போட உட்காரும்போது இந்தத் தொகை வட்டியோடு எதிரே வந்து நிற்கும். முன்கூட்டியே கட்டாததற்கு மாதம் 1% வட்டி தனி. "வேலை மாறி நஷ்டப்பட்டேன்" என்பார் அவர். ஆனால் 12,00,000 வாங்கிய இடத்தில் வரி போக 12,73,200 அவருக்குக் கிடைத்திருக்கிறது. சேர்ந்த அன்றே முந்தைய சம்பள விவரத்தைப் புதிய கம்பெனியில் கொடுத்திருந்தால், ஆறு மாதமாகச் சிறுகச் சிறுகப் பிடித்திருப்பார்கள், வட்டியும் வந்திருக்காது.

ஆகவே உயர்வுக் கடிதம் கைக்கு வந்ததும் நீங்கள் ஒன்றே ஒன்று செய்யுங்கள். அந்த மாதச் சீட்டை முந்தைய மாதச் சீட்டோடு ஒப்பிடாதீர்கள். சம்பளப் பிரிவில் உங்களுக்கான வருட வரிக் கணக்குத் தாளைக் கேளுங்கள், எந்த மென்பொருளிலும் அது ஒரு பக்கத்தில் வந்துவிடும். அதில் மூன்று எண்களைப் பாருங்கள்: வருட மொத்தச் சம்பளம் 16,85,000-ஆ, வரிக்கு உட்படும் வருமானம் 16,10,000-ஆ, செஸ்ஸோடு வருட வரி 1,26,880-ஆ. மூன்றும் சரியாக இருந்தால், எந்த மாதத்தில் எவ்வளவு பிடித்தாலும் மார்ச் முடிவில் உங்களிடம் 50,120 கூடுதலாக இருக்கும். வரி மட்டும் அதிகமாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது, உங்களைத் தவறுதலாகப் பழைய முறையில் போட்டிருக்கிறார்களா என்பது. வருடத் தொடக்கத்தில் எந்த முறை என்று கேட்டு வரும் படிவத்தில் கைதவறிப் பழையதைத் தேர்ந்தெடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிப் போய்விட்டாலும், சம்பளம் மட்டுமே வருமானமாக உள்ளவர் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போடும்போது புதிய முறைக்கு மாறி, அதிகம் பிடித்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.